கடிகாரம் சரியாக ஓடினாலும் கோட் ஏன் செல்லவில்லை?

கேள்வி: துபாயில் இருந்து வந்த தம்பி கொடுத்த போனை இப்போது பயன்படுத்துகிறேன். என் பழைய போனில் இருந்த ஆதென்டிகேட்டர் கணக்குகளை க்யூஆர் வழியாக இதற்கு மாற்றிவிட்டு, பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன். இப்போது அலுவலகக் கம்ப்யூட்டரில் ஜிமெயில் திறந்தால் ஆறு இலக்க எண்ணைத் தவறு என்கிறது. மற்ற தளங்களிலும் அப்படித்தான். போன் கடிகாரம் சரியாகவே இருக்கிறது, நானே வைத்தேன். மொபைல் கடைக்காரர் ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்கிறார். செய்யலாமா? இந்தப் போனும் தொலைந்துவிட்டால் என்ன ஆகும்?

பதில்: செய்யாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆறு இலக்க எண் எங்கிருந்தோ போனுக்கு வருவதில்லை. க்யூஆரை ஸ்கேன் செய்தபோது ஒரு ரகசியச் சாவி ஆப்புக்குள் பதிந்தது. அந்தச் சாவியையும் அந்த நொடியின் நேரத்தையும் சேர்த்து போனே கணக்குப் போட்டு எண்ணைக் காட்டுகிறது. அதே கணக்கைத் தளத்தின் சர்வரும் போட்டுப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போனால் கதவு திறக்கும். ஆப்பை அழித்தால் சாவியும் போய்விடும். உங்கள் பழைய போனும் கையில் இல்லை. 'ரீஇன்ஸ்டால் பண்ணுங்க' என்று கடைக்காரர் சொல்லிவிடுவார், அதற்கப்புறம் அலைவது நீங்கள்தான்.

எல்லாத் தளங்களிலும் ஒரே நேரத்தில் எண் செல்லவில்லை என்றால் சாவியில் பிழை இருக்க வாய்ப்பு குறைவு. நேரத்தில்தான் இருக்கும். 'கடிகாரம் சரியாகவே இருக்கிறது, நானே வைத்தேன்' என்கிறீர்களே, கோளாறு அங்கேதான்.

திரையில் தெரியும் நேரத்தை ஆப் பார்ப்பதில்லை. அது உலகப் பொது நேரத்தை எடுத்துக்கொள்கிறது. திரை நேரத்தில் இருந்து நேர மண்டலத்தைக் கழித்தால் வருவது அது. இந்திய நேரம் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால், துபாய் நேரம் நான்கு மணி முன்னால். உங்கள் போன் இன்னும் துபாய் மண்டலத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே காலை 10 மணி. போன் 8.30 காட்டியிருக்கும். நீங்கள் மண்டலத்தைத் தொடாமல் முள்ளை மட்டும் 10-க்குத் தள்ளியிருப்பீர்கள். இப்போது போன் என்ன நினைக்கும்? துபாயில் மணி 10, ஆகவே பொது நேரம் காலை 6 என்று. உண்மையான பொது நேரமோ 4.30. ஒன்றரை மணி நேரம் முந்திவிட்டது. எண் 30 வினாடிக்கு ஒருமுறை மாறும். ஆக உங்கள் போன் 180 எண்கள் முன்னால் ஓடுகிறது. பத்து மணிக்கு அது காட்டும் எண் பதினொன்றரைக்குத்தான் செல்லும்! பெரும்பாலான தளங்கள் முன்னே பின்னே ஓர் எண்ணை, அதாவது அரை நிமிடத்தை, மட்டுமே பொறுத்துக்கொள்ளும்.

இதுதானா என்று உறுதிப்படுத்திக்கொள்வது எளிது. உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள். திரையில் 10 மணி இருக்கும்போது வந்த கடிதம் 8.30-க்கு வந்ததாகப் போனில் காட்டினால் மண்டலக் கோளாறுதான். சரிசெய்ய, போனின் செட்டிங்ஸில் Date & time பகுதிக்குப் போய் நேரம், நேர மண்டலம் இரண்டையும் தானியங்கிக்கு மாற்றுங்கள். மண்டலம் அப்போதும் துபாயிலேயே நின்றால் அதை மட்டும் கையால் கொல்கத்தா, GMT+05:30 என்று வையுங்கள். நேரத்தைத் தொடாதீர்கள். அப்புறம் போன் பிரௌசரில் time.is திறந்தால் உங்கள் கடிகாரம் எத்தனை வினாடி பிந்துகிறது, முந்துகிறது என்று காட்டும். புது எண் தோன்றியதும் உடனே அடியுங்கள்.

வெளிநாட்டுப் போன் இல்லாதவர்களுக்கும் இது வரும். கையால் நேரம் வைத்த போன் நாளுக்கு ஓரிரு வினாடி நழுவினாலே, ஒரு மாதத்தில் அரை நிமிடத்தைத் தாண்டிவிடும். விளையாட்டில் கூடுதல் 'லைஃப்' கிடைக்க பிள்ளைகள் கடிகாரத்தைத் தள்ளிவைத்திருப்பதும் உண்டு. இவ்வளவு பெரிய நிறுவனங்கள் 'உங்கள் கடிகாரம் பொருந்தவில்லை' என்று ஒரு வரி காட்டலாம். காட்டுவதில்லை. 'தவறான எண்' என்று மட்டும் சொல்லி, நல்ல சாவியை வைத்திருப்பவரையும் சந்தேகப்பட வைக்கிறார்கள்.

நேரம் சரியான பிறகும் ஒரே ஒரு தளம் மட்டும் மறுத்தால், ஆப்பில் அதே பெயரில் இரண்டு வரிகள் இருக்கின்றனவா பாருங்கள். எப்போதோ இரண்டாம் முறை பதிவு செய்திருப்பீர்கள். பழைய வரி செத்த சாவி.

இனி போன் தொலைவது. லேப்டாப்பில் ஜிமெயில் திறந்தபடி இருந்தால் இன்றைக்கே myaccount.google.com போய், Security பகுதியில் 2-Step Verification, அதற்குள் Backup codes எடுத்து அச்சடித்துக்கொள்ளுங்கள். எட்டு இலக்கத்தில் பத்து எண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். மறுபடி புதிய பட்டியல் எடுத்தால் பழைய தாள் செல்லாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைத்தால் போனோடு அதுவும் போகும். காகிதமே மேல். கூகுள் ஆதென்டிகேட்டரைக் கூகுள் கணக்கோடு இணைத்து வைத்தால் சாவிகள் கூகுளின் சர்வரிலும் சேமிக்கப்படும், நல்லதுதான். ஆனால் அந்தக் கூகுள் கணக்கைத் திறக்கவே ஆதென்டிகேட்டர் எண் தேவைப்பட்டால், பீரோச் சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். அதனால் கூகுளுக்கான தாள் எப்படியும் வேண்டும். வீட்டில் பழைய போன் ஒன்று சும்மா கிடந்தால் Transfer accounts வழியாக அதற்கும் சாவிகளை ஏற்றிவிடுங்கள். இரண்டு போனும் ஒரே எண்ணைக் காட்டும்.

தாளும் இல்லாமல் போன் தொலைந்தால், லேப்டாப்பில் ஜிமெயிலை லாக்அவுட் செய்யாதீர்கள். பயத்தில் பலர் முதலில் செய்வது அதுதான். உடனே சிம்மை முடக்கி நகல் சிம் வாங்குங்கள். புது சிம் போட்ட முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. திருட்டைத் தடுக்க வைத்த விதி அது. அவசரத்தில் நிற்பவருக்கு அதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை, கடையில் கேட்டால் 'நெட்வொர்க் பிராப்ளம்' என்பார்கள். அந்த ஒரு நாள் ஓடிபி கேட்டுக் கேட்டுக் கணக்கை முடக்கிக்கொள்ளாதீர்கள். பிறகு g.co/recover பக்கத்தில், நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் லேப்டாப்பில், வீட்டு வைஃபையில் இருந்தே முயலுங்கள். தெரிந்த கருவி, தெரிந்த இடம் என்பதைக் கூகுள் கணக்கில் எடுத்துக்கொள்ளும். பிரௌசிங் சென்டரில் இருந்து முயன்றால் அது இருக்காது. சில நாள் காத்திருக்கச் சொன்னால் காத்திருக்க வேண்டியதுதான், குறுக்கு வழி கிடையாது.

குறுக்கு வழி இருப்பதாகச் சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். யூடியூப் கமென்டில் 'இவர்தான் என் கணக்கை மீட்டுக் கொடுத்தார்' என்று ஒரு டெலிகிராம் முகவரி இருக்கும். தேடினால் 'கூகுள் கஸ்டமர் கேர்' என்று பத்து இலக்கக் கைபேசி எண் கிடைக்கும். போனில் கூப்பிட்டு ஜிமெயிலைத் திறந்துகொடுக்கும் கஸ்டமர் கேர் எதுவும் இல்லை. முன்பணம் கேட்பார்கள், அப்புறம் 'சரிபார்க்க' என்று உங்களுக்கு வரும் ஓடிபியைக் கேட்பார்கள். கொடுத்தால் மிச்சம் இருக்கும் கணக்குகளும் போகும். ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே கூப்பிடுங்கள்.

கணக்கை மீட்டு உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக 2-Step Verification பக்கத்தில் பழைய ஆதென்டிகேட்டரை நீக்கிப் புதிய க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள். தொலைந்த போனில் இருக்கும் சாவி அதோடு செத்துவிடும். இது கூகுள் கணக்குக்கு மட்டும்தான். மற்ற ஒவ்வொரு தளத்திலும் இதே வேலையைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.