ஹோட்டலில் கால் பங்கு, ஏட்டில் எவ்வளவு?

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே இணை நிறுவனத்தைப் பற்றியவை, அதாவது நம் துணை நிறுவனமாக இல்லாவிட்டாலும் நாம் பங்கு வைத்துக் கணிசமான செல்வாக்குச் செலுத்தும் கம்பெனியைப் பற்றியவை. கேட்டவர்கள் நம் பக்கத்துத் தனியார் கம்பெனிக்காரர்கள் என்பதால், ஏ.எஸ். 23 என்ற கணக்கியல் தரத்தை வைத்தே பதில் சொல்கிறேன். பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிகளுக்கும் நிகர மதிப்பு 250 கோடியைத் தொட்ட கம்பெனிகளுக்கும் இண்ட் ஏ.எஸ். 28 பொருந்தும். அடிப்படை இரண்டிலும் ஒன்றுதான்.

கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றை ஹோட்டலாக நடத்தும் கம்பெனியில் ஏப்ரல் 1 அன்று 25% பங்கை 60 லட்சத்துக்கு வாங்கினோம். அந்த ஆண்டு அவர்களுக்கு லாபம் 32 லட்சம். நடுவில் இடைக்கால டிவிடெண்டாக எங்களுக்கு 3 லட்சம் வந்தது. எங்கள் கணக்குப்பிள்ளை மொத்தம் 11 லட்சத்தை வருமானமாகக் காட்டியிருக்கிறார். சரிதானா?

இல்லை. இணை நிறுவனத்தில் உள்ள உங்கள் பங்கையும் சேர்த்துக் காட்டும் ஒருங்கிணைந்த கணக்கில் வரவேண்டியது 8 லட்சம்தான்.

உங்களுக்கு இரண்டு கணக்கு உண்டு. தனிக்கணக்கில் அந்த முதலீடு வாங்கிய விலையிலேயே, 60 லட்சமாக, நிற்கும். கைக்கு வந்த 3 லட்சம் டிவிடெண்ட் அங்கே வருமானம். இதில் உங்கள் கணக்குப்பிள்ளை தவறவில்லை. ஆனால் துணை நிறுவனம் எதுவும் இல்லாமல் ஒரே ஒரு இணை நிறுவனம் இருந்தாலும், கம்பெனிச் சட்டம் 129(3) பிரிவின்படி ஒருங்கிணைந்த கணக்கும் போட வேண்டும். ஈக்விட்டி முறை வருவது அங்கேதான்.

அதில் 32 லட்சம் லாபத்தில் கால் பங்கான 8 லட்சத்தை, பணம் வந்தாலும் வராவிட்டாலும், வருமானமாக எடுத்து முதலீட்டோடு கூட்டுகிறோம். அப்புறம் வந்த 3 லட்சம், ஏற்கெனவே நம் பங்காக எழுதிய லாபத்தில் ஒரு பகுதி கைக்கு வந்தது, அவ்வளவே. அதனால் அதை முதலீட்டிலிருந்து கழிக்க வேண்டும். 60 + 8 − 3 = 65 லட்சம். தனிக்கணக்கில் இருந்த டிவிடெண்ட் வருமானத்தை எடுக்காமலே 8 லட்சத்தைச் சேர்த்ததால்தான் 11 வந்திருக்கிறது. நான் பார்க்கும் கணக்குகளில் அடிக்கடி தென்படும் பிழை இதுதான்.

சரி பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஹோட்டல் கம்பெனியின் ஐந்தொகையை எடுங்கள். நீங்கள் வாங்கிய நாளில் அதன் நிகரச் சொத்து 2 கோடி என்று வைத்துக்கொள்வோம். அதில் உங்கள் கால் பங்கு 50 லட்சம். கொடுத்ததோ 60 லட்சம். கூடுதலாகக் கொடுத்த 10 லட்சம் நற்பெயர் மதிப்பு. அது முதலீட்டுத் தொகைக்குள்ளேயே இருக்கும், குறிப்பில் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். உங்களுக்கு வந்த 3 லட்சம் கால் பங்கு என்றால், அவர்கள் கொடுத்த மொத்த டிவிடெண்ட் 12 லட்சம். ஆண்டு முடிவில் அவர்கள் நிகரச் சொத்து 200 + 32 − 12 = 220 லட்சம். கால் பங்கு 55, அதோடு நற்பெயர் 10. மொத்தம் 65 லட்சம். மேலே வந்த அதே எண். இந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ ஒரு பதிவு தவறியிருக்கிறது. டிவிடெண்டைக் கழிக்க மறந்திருந்தால் வித்தியாசம் அச்சாக 3 லட்சமாக நிற்கும்.

கம்பெனி பெயரில் 14% பங்கு இருக்கிறது. அப்பச்சி பெயரில் தனியாக 15%. சேர்த்தால் 29%. இது இணை நிறுவனமா?

அப்பச்சியின் பங்கைக் கம்பெனியோடு கூட்டக் கூடாது. கம்பெனி நேரடியாகவும் தன் துணை நிறுவனங்கள் வழியாகவும் வைத்திருப்பதை மட்டுமே எண்ண வேண்டும். குடும்பச் சொத்தாக மனத்தில் ஒன்றாக இருக்கலாம், ஏட்டில் அவர் வேறு ஆள்.

ஆனால் 14% என்றவுடன் முடிவு கட்டிவிடவும் வேண்டாம். 20% என்பது ஓர் அனுமானக் கோடு. அதற்குக் கீழே இருந்தாலும் கணிசமான செல்வாக்கைத் தெளிவாகக் காட்ட முடிந்தால் அது இணை நிறுவனம்தான். உங்கள் கம்பெனியின் சார்பில் அங்கே ஒரு டைரக்டர் உட்கார்ந்திருக்கிறாரா? விலை, விரிவாக்கம், டிவிடெண்ட் போன்ற கொள்கை முடிவுகளில் உங்களைக் கலக்கிறார்களா? பெரிய அளவில் கொடுக்கல் வாங்கல் உண்டா? பங்குதாரர் ஒப்பந்தத்தையும் போர்டு கூட்டக் குறிப்பேட்டையும் எடுத்துப் படித்துப் பாருங்கள். அப்பச்சி டைரக்டராக இருந்தால், தன் சொந்தப் பங்குக்காக இருக்கிறாரா, கம்பெனி நியமித்து இருக்கிறாரா என்பதை நியமனத் தீர்மானத்தில் பார்க்க வேண்டும். பதில் அந்த ஒரு வரியில் இருக்கும்.

எழுதிய 8 லட்சத்துக்கும் வருமான வரி கட்ட வேண்டுமா?

வேண்டாம். வரி உங்கள் தனிக்கணக்கை ஒட்டியது. அங்கே டிவிடெண்ட்தான் வருமானம்.

நாங்கள் ஆத்தங்குடி டைல்ஸ் தயாரிக்கிறோம். 25% பங்கு வைத்திருக்கும் ஹோட்டலுக்கே மார்ச்சில் 10 லட்சத்துக்கு விற்றோம். அடக்கம் 6 லட்சம். லாபத்தில் ஏதாவது கழிக்க வேண்டுமா?

கழிக்க வேண்டும். கண்ணாடி மேல் சாயம் ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுத்த அந்தக் கல் இப்போது ஹோட்டல் தரையில் கிடக்கிறது. வெளியார் யாருக்கும் அது போகவில்லை. ஹோட்டலில் கால் பங்கு உங்களுடையது என்பதால், 4 லட்சம் லாபத்தில் கால் பங்கை உங்களுக்கு நீங்களே விற்றுச் சம்பாதித்த மாதிரி ஆகிறது. அதனால் 1 லட்சத்தை ஒருங்கிணைந்த லாபத்திலிருந்தும் முதலீட்டிலிருந்தும் குறைக்க வேண்டும். மீதி 3 லட்சம் மற்ற பங்குதாரர்களுக்கு விற்றதற்குச் சமம், அது நிற்கும்.

அந்த 1 லட்சம் ஒரேயடியாகப் போய்விடாது. ஹோட்டல் அந்தத் தரையை 20 ஆண்டுகளில் தேய்மானம் செய்தால், அடுத்த ஆண்டிலிருந்து ஆண்டுக்கு 5,000 ரூபாயாக உங்கள் லாபத்துக்குத் திரும்பி வரும். இதே டைல்ஸை வாங்கியவர் வெளியாருக்கு விற்கும் வியாபாரியாக இருந்தால், ஆண்டுக் கடைசியில் விற்காமல் கிடக்கும் சரக்குக்கு மட்டும் கழித்தால் போதும். ஆகவே மார்ச் 31 சரக்கிருப்புப் பட்டியலைக் கேட்டு வாங்கிவிடுங்கள். ஜூன் மாதம் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

30% பங்கு வைத்திருக்கும் கம்பெனி 50 லட்சம் நஷ்டம். எங்கள் ஏட்டில் முதலீடு 9 லட்சம்தான் மிச்சம். மைனஸ் காட்டலாமா?

கூடாது. உங்கள் பங்கு நஷ்டம் 15 லட்சம். அதில் 9 லட்சத்தை எழுதி முதலீட்டைப் பூஜ்யமாக்கி நிறுத்திவிட வேண்டும். மீதி 6 லட்சத்தை ஐந்தொகைக்கு வெளியே ஒரு தனி ஏட்டில் குறித்து வையுங்கள்.

இந்தக் குறிப்பைத்தான் பலர் தொலைத்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு அந்தக் கம்பெனி 30 லட்சம் லாபம் சம்பாதித்தால், உங்கள் பங்கு 9 லட்சம். மகிழ்ச்சியில் அத்தனையையும் எழுதிவிடக் கூடாது. முதல் 6 லட்சம் எழுதாமல் விட்ட நஷ்டத்துக்குப் போகும். 3 லட்சம் மட்டுமே உங்கள் வருமானம், முதலீடும் 3 லட்சமாக மறுபடி தொடங்கும்.

ஒரு விலக்கு உண்டு. அந்தக் கம்பெனியின் வங்கிக் கடனுக்கு உங்கள் கம்பெனி ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், பூஜ்யத்தோடு நிற்க முடியாது. அந்தப் பொறுப்பின் அளவுக்கு மீதி நஷ்டத்தையும் எழுதியாக வேண்டும். பங்கு வாங்கிய தாள்களோடு, வங்கியில் கொடுத்த ஜாமீன் கடிதத்தின் நகலையும் உங்கள் ஆடிட்டரிடம் கொடுங்கள்.