மிளகாய் இலை சுருண்டால் உரமா, மருந்தா?

கேள்வி: மாடியில் பத்துப் பைகளில் மிளகாய் வைத்திருக்கிறேன். இலை எல்லாம் சுருண்டு போகிறது. உரக்கடையில் 19:19:19 ஒரு பாக்கெட்டும் ஒரு பூச்சி மருந்தும் கொடுத்தார்கள். எவ்வளவு போட வேண்டும்? சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த மருந்தை அடிக்கலாமா?

மருந்து பாட்டிலை இன்னும் திறக்கவில்லை என்றால் அப்படியே மூடி வையுங்கள். அதைவிட முக்கியமாக, இதற்கு முன்னால் அந்தச் செடிகளுக்கு என்ன உரம் போட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஏன் கேட்கிறேன் என்றால், நான் இதே இடத்தில்தான் வழுக்கி விழுந்தேன்.

மூன்று வருடம் முன்னால் என் மிளகாய்ச் செடிகள் கொஞ்சம் வெளிறி இருந்தன. ஊரில் வயலுக்குப் போடுகிற யூரியா வீட்டில் இருந்தது, பைக்கு ஒரு டீஸ்பூன் போட்டுத் தண்ணீர் விட்டேன். பத்தே நாளில் செடி கரும்பச்சையாகத் தளதளவென்று வந்தது, பார்த்துப் பூரித்துப் போனேன். அடுத்த பத்து நாளில் நுனித் துளிர் எல்லாம் அசுவினியும் இலைப்பேனும். தழைச்சத்து கூடிப்போனால் துளிர் மென்மையாக, சாறு நிறைந்து வளரும், சாறு உறிஞ்சுகிற பூச்சிகளுக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது.

கணக்கைப் பின்னால்தான் போட்டேன். பாக்கெட்டில் இருக்கிற மூன்று எண்களும் வரிசையாகத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, நூறு கிராமுக்கு எத்தனை கிராம் என்று சொல்பவை. யூரியா 46:0:0. ஒரு டீஸ்பூன் சுமார் 4 கிராம், அதில் தழைச்சத்து மட்டும் 1.8 கிராம். உங்கள் 19:19:19-ஐ லிட்டருக்கு 1 கிராம் கரைத்துப் பைக்கு அரை லிட்டர் ஊற்றினால் போகிற தழைச்சத்து 0.095 கிராம்தான். அதாவது வாரம் ஒருமுறை கொடுத்தால் பத்தொன்பது வாரத்துக்குப் போகவேண்டியதை நான் ஒரே நாளில் கொட்டியிருக்கிறேன்! வயலில் அது பெரிய பரப்பில் பரவிவிடும், பைக்குள் வேர் தப்பிக்க வழியில்லை.

அதனால் உங்கள் முதல் கேள்விக்கு அளவு இதுதான்: லிட்டருக்கு 1 கிராம், பைக்கு அரை லிட்டர், வாரம் ஒருமுறை, மண் ஈரமாக இருக்கும்போது. பாக்கெட்டில் 5 கிராம் என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் வயலில் இலைவழியாகத் தெளிப்பதற்கான அளவு, பைக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். பூ எடுக்க ஆரம்பித்ததும் இதையே ஊற்றிக்கொண்டிருக்க வேண்டாம். மூன்றும் சமமாக இருப்பதால் இது சமச்சீர் உரம் என்று கடையில் சொல்வார்கள், ஆனால் செடி மூன்றையும் சமமாக எடுப்பதில்லை, மணிச்சத்து மற்ற இரண்டையும்விட மிகக் குறைவாகவே போகும். ஆகவே பூ வந்தபின் ஒரு வாரம் 19:19:19, அடுத்த வாரம் 13:0:45, இதே 1 கிராம் அளவில். எண்ணே போடாமல் ‘பூ பூக்கும் டானிக்’ என்று மட்டும் எழுதிய பாட்டில்களைத் தொடாதீர்கள். உள்ளே எவ்வளவு சத்து என்று தெரியாத ஒன்றுக்கு அளவு சொல்ல என்னாலும் முடியாது, விற்பவராலும் முடியாது.

ஆனால் செடி சுருண்டு கிடக்கும்போது உரத்தை இரண்டு வாரம் நிறுத்துங்கள்.

இனி சுருட்டை. இலை எந்தப் பக்கம் சுருள்கிறது? ஓரங்கள் மேல்நோக்கி எழும்பிப் படகு மாதிரி இருந்தால் பெரும்பாலும் இலைப்பேன். ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு துளிரைத் தட்டுங்கள், மஞ்சளாக, நூல் துணுக்கு மாதிரி ஏதாவது விழுந்து ஊர்ந்தால் அதுதான். இலை கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு போயிருந்தால் அது சிலந்தி, வலை பின்னுகிற சிலந்தி அல்ல, சாறு உறிஞ்சுகிற நுண்ணிய பேன், வெறும் கண்ணுக்குத் தெரியாது, சின்ன லென்ஸ் வேண்டும். இலை சிறுத்து, மஞ்சள் பாய்ந்து, செடியே குத்துக்குத்தாக நின்றுவிட்டால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸாக இருக்கலாம். அதற்கு எந்த மருந்தும் கிடையாது, பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், மற்ற ஒன்பதையாவது காப்பாற்றலாம்.

இது தெரியாமல் மருந்து அடித்தால் என்ன ஆகும்? சுருட்டை என்று சொன்னதும் கடையில் சட்டென்று எடுத்துத் தருவது பல நேரம் இமிடாகுளோபிரிட். அது இலைப்பேனுக்கு வேலை செய்யலாம், சிலந்திக்குச் செய்யாது, சில நேரம் அடித்தபின் சிலந்தி இன்னும் பெருகும். அதோடு அது செடிக்குள் ஊடுருவுகிற மருந்து, கழுவினால் போகாது, பூவுக்கு வருகிற தேனீக்கும் ஆபத்து. நாலு நாளுக்கு ஒருமுறை பச்சை மிளகாய் பறிக்கிற வீட்டில், பக்கத்துத் தொட்டியில் தினமும் கிள்ளுகிற கறிவேப்பிலை இருக்கிற மாடியில், எனக்கு அது வேண்டாம்.

பாட்டிலைத் திருப்புங்கள், லேபிளில் சாய்சதுரம் ஒன்று இருக்கும், கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைவு. குழந்தைகள் இருக்கிற வீட்டுக்குள் சிவப்பும் மஞ்சளும் வரவே கூடாது என்பது என் கட்சி. ஆனால் பச்சை என்றால் குடிக்கலாம் என்று அர்த்தமில்லை, அதுவும் பூட்டி வைக்க வேண்டியதுதான். அப்புறம் கடையில் ‘கொஞ்சமா ஊத்தித் தர்றேன்’ என்று தண்ணீர் பாட்டிலில் பிரித்துக் கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். லேபிளும் இல்லை, முக்கோணமும் இல்லை, வீட்டில் யாராவது தாகத்தில் எடுத்துக் குடித்தால் மருத்துவரிடம் என்னவென்று சொல்வீர்கள்?

இலைப்பேன் என்றால் அசாடிராக்டின் 10,000 பிபிஎம் என்று போட்ட வேப்பமருந்து வாங்கி, லிட்டருக்கு 2 மி.லி. கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையும்படி வாரம் ஒருமுறை, மூன்று வாரம் அடியுங்கள். 1,500 பிபிஎம் கிடைத்தால் 5 மி.லி. வெறும் வேப்பெண்ணெய்தான் இருக்கிறது என்றால் 5 மி.லி. எண்ணெயில் 1 மி.லி. திரவ சோப்பை முதலில் குழைத்து, பிறகு ஒரு லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பால் மாதிரி வெளுக்க வேண்டும். மேலே எண்ணெய் மிதந்தால் அடிக்காதீர்கள், இலை கருகும். சிலந்தி என்றால் நனையும் கந்தகத்தூள், 80 சதவீதம் என்று போட்டது, லிட்டருக்கு 2 கிராம், அதுவும் மாலையில். வேப்பெண்ணெய்க்கும் கந்தகத்துக்கும் நடுவில் இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள், இரண்டும் சேர்ந்தால் செடி வெந்துபோகும். எதை அடித்தாலும் முகமூடி போட்டுக்கொண்டு, குழந்தைகளை மாடிக்கு விடாமல் அடியுங்கள். பறிப்பதற்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று லேபிளிலேயே போட்டிருப்பார்கள்.

ஒரு விஷயம், சுருண்ட இலை மறுபடி நிமிராது. அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டிவிடாதீர்கள். இரண்டாவது தெளிப்புக்குப் பிறகு வருகிற புதுத் துளிர் தட்டையாக விரிகிறதா என்று பாருங்கள். விரிந்தால் உரத்தை அரை கிராமில் மறுபடி ஆரம்பிக்கலாம். விரியவில்லை என்றால் மேலிருந்தும் அடியிலிருந்தும் ஒரு இலையைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன்.