கடவுச்சொல்லை வாட்ஸ்அப் குழுவில் போடாமல் வேலையை நடத்துவது எப்படி? கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் கடைகள், ஆடிட்டர் அலுவலகங்கள், சிறு மருத்துவமனைகள் ஆகியவற்றின் கணினிகளைப் பதினாறு ஆண்டுகளாகப் பராமரித்து வருபவர் பதிலளிக்கிறார்.

டைல்ஸ் மொத்தக்கடைக் கணக்கர், வண்ணார்பேட்டை: லாரி கிளம்பும் நேரத்தில் இ-வே பில் போடச் சொல்கிறார்கள். கடவுச்சொல்லையும் ஓடிபியையும் குழுவில் போடாமல் எப்படி முடியும்?

உங்கள் குழுவில் வழக்கமாக வரும் செய்தி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: "பாஸ்வேர்டு மாத்தியாச்சு, புதுசு Tiles@2024, ஓடிபி ஓனர் நம்பருக்கு வரும், கேட்டு வாங்கிக்கோங்க." இதை எழுதியவருக்கு உண்மையில் தேவைப்பட்டது பில்தான், கடவுச்சொல் அன்று. ஒரே கணக்கை நான்கு பேர் பயன்படுத்துவதால்தான் கடவுச்சொல் ஊர்சுற்றுகிறது. ஆகவே சொற்களை மாற்றுவதற்கு முன்னால் அந்த ஏற்பாட்டை மாற்ற வேண்டும்.

இ-வே பில் தளத்தில் முதன்மைக் கணக்கின் மூலம் உள்ளே சென்றால் User Management என்ற பகுதியில் Create Sub-User என்று இருக்கும். பில் போடுகிற ஒவ்வொருவருக்கும் அவரவர் கைபேசி எண்ணைக் கொடுத்துத் தனித்தனியே துணைக்கணக்கு உருவாக்கி, அவர் செய்யவேண்டிய வேலைகளுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். அதன்பின் ஓடிபி அவரவர் கைபேசிக்கே வந்துவிடும் என்பதால், முதலாளி சாப்பிட உட்கார்ந்திருக்கும் நேரத்தில் யாரும் அவரை எழுப்ப வேண்டியதில்லை. ஒருவர் வேலையை விட்டுப் போனால் அதே பகுதியில் Freeze Sub-User மூலம் அவருடைய கணக்கை மட்டும் முடக்கிவிடலாம்; மற்ற மூவரின் கடவுச்சொல்லைத் தொடவேண்டிய அவசியம் வராது.

இப்போது குழுவில் எழுதவேண்டிய செய்தி தானாகவே மாறிவிடுகிறது: "TN 72 லாரி நாலு மணிக்குக் கிளம்புகிறது. இன்வாய்ஸ் 418-க்கு இ-வே பில் தேவை. உங்கள் கணக்கில் போட்டுவிட்டு, பில் எண்ணை மட்டும் இங்கே தெரிவிக்கவும்." என்ன வேலை, எதற்குள் முடியவேண்டும், முடிந்ததும் என்ன சொல்லவேண்டும் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. இதைக் கடையை விட்டுப் போன ஒருவர் ஆறு மாதம் கழித்துத் தேடி எடுத்தாலும் அவருக்கு ஒன்றும் கிடைக்காது.

எல்லாத் தளங்களிலும் துணைக்கணக்கு வசதி கிடைப்பதில்லை. அப்படிப்பட்டவற்றுக்கு Bitwarden போன்ற கடவுச்சொல் பெட்டகம் ஒன்றில் விவரத்தைப் போட்டு வைத்து, "மின் கட்டணக் கணக்கின் விவரம் பெட்டகத்தில் 'கிடங்கு மின்சாரம்' என்ற பெயரில் இருக்கிறது" என்று எழுதலாம். சாவி எங்கே இருக்கிறது என்பது உரியவர்களுக்குத் தெரிந்தால் போதும். சாவியையே தெருவில் வைக்கவேண்டாம். Bitwarden-இன் இலவசத் திட்டத்தில் இருவர் மட்டுமே பகிர்ந்துகொள்ள முடியும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே கடையின் கிடங்குப் பொறுப்பாளர்: இவ்வளவு இலக்கணமாக எழுத எங்களுக்கு நேரம் ஏது?

"418, இ-வே பில், 4 மணி" என்று எழுதினாலும் சரிதான். நீளம் ஒரு பொருட்டல்ல.

ஆடிட்டர் அலுவலக உதவியாளர், தென்காசி: நேற்றுத் தவறுதலாக ஒரு வாடிக்கையாளரின் கடவுச்சொல்லைக் குழுவில் போட்டுவிட்டேன். உடனே எல்லாருக்கும் நீக்கிவிட்டேன். பயமில்லைதானே?

நீங்கள் இரண்டாவதாகச் செய்யவேண்டியதை முதலில் செய்துவிட்டீர்கள். முதலில் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். செய்தியை நீக்குவது அதற்குப் பிறகுதான். நீங்கள் நீக்குவதற்கு முன்பே சிலர் படித்திருப்பார்கள். சிலருடைய ஆண்ட்ராய்டு கைபேசியில் அறிவிப்பு வரலாறு இயக்கத்தில் இருந்தால் அழிந்த செய்தியின் வரிகள் அங்கே கிடக்கும். ஒருவர் அதற்குள் வேறெங்காவது அனுப்பியிருந்தால் அந்தப் பிரதியை உங்களால் தொடவே முடியாது. தவிரவும், நீக்கிய இடத்தில் செய்தி நீக்கப்பட்டது என்ற குறிப்பு நின்று, என்ன ஏது என்று பத்துப் பேரை விசாரிக்க வைக்கும். வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் நீக்குவதற்குச் சுமார் இரண்டரை நாள் அவகாசம்தான் உண்டு என்பதால், ஒரு வாரம் கழித்து நினைவுக்கு வந்தவர்களுக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியும் கிடையாது.

இன்றே வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்லி மாற்றுங்கள். அதே கடவுச்சொல்லை அவர் மின்னஞ்சலுக்கும் வைத்திருக்கிறாரா என்று தவறாமல் கேளுங்கள். நம் பக்கத்தில் பெரும்பாலும் வைத்திருப்பார்கள். அதன்பின் குழுவில் இப்படி எழுதலாம்: "நேற்று மாலை இந்தக் குழுவில் ஒரு கணக்கு விவரம் தவறுதலாகப் பதிவாகிவிட்டது. அது இன்று காலை மாற்றப்பட்டுவிட்டது. யாரேனும் அந்தச் செய்தியைச் சேமித்தோ வேறிடத்துக்கு அனுப்பியோ இருந்தால் அழித்துவிட்டு, எனக்குத் தனியாகத் தெரிவிக்கவும்." யாருடைய கணக்கு என்பதை இதில் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். பலர் மன்னிப்புக் கேட்கிற அவசரத்தில் வாடிக்கையாளரின் பெயரையும் போட்டு, நேற்றைய செய்தியைப் பார்க்காதவர்களுக்கும் தகவல் கொடுத்துவிடுகிறார்கள்.

கணினி மையம் நடத்துபவர், சங்கரன்கோவில்: நான் பயனர் பெயரை வாட்ஸ்அப்பிலும் கடவுச்சொல்லை எஸ்எம்எஸ்ஸிலும் பிரித்து அனுப்புகிறேன். இதுதான் பாதுகாப்பான முறை. ஏன் இதைச் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?

ஒரே செய்தியில் இரண்டையும் எழுதுவதைவிட இது மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டும் போய்ச் சேர்வது ஒரே கைபேசிக்குத்தான். அது தொலைந்தால் இரண்டும் சேர்ந்தே தொலையும். மேலும், பயனர் பெயர் பல இடங்களில் இரகசியமே அல்ல. வருமான வரித் தளத்தில் பான் எண்தான் பயனர் பெயர். அது எத்தனை கடைகளின் கோப்புகளில் கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே பாரம் முழுவதும் கடவுச்சொல்லின் மேலேயே விழுகிறது.

நான் செய்வது வேறு. தற்காலிகமான ஒரு கடவுச்சொல்லை வைத்துத் தொலைபேசியில் வாயால் சொல்லுவேன். அவர் உள்ளே சென்று, இணைப்பைத் துண்டிக்கும் முன்பே என் காதில் விழும்படி "மாற்றிவிட்டேன்" என்று சொல்லவேண்டும். எழுத்தில் போவது "கணக்கு தயார், அழைக்கிறேன்" என்பது மட்டுமே. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: "பழைய பாஸ்வேர்டுதான், கடைசியில் மட்டும் 25" என்று எழுதுவதை மறைத்து எழுதுவதாகச் சிலர் நினைக்கிறார்கள். அது இந்த ஆண்டின் கடவுச்சொல்லோடு அடுத்த ஆண்டினுடையதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

ஆய்வகப் பணியாளர், பாளையங்கோட்டை: அவசர ரிப்போர்ட்டை மருத்துவர்கள் குழுவில் படம் எடுத்துப் போடுகிறோம். பெயரை மறைத்தால் ஒருவருக்குப் போகவேண்டிய மருந்து இன்னொருவருக்குப் போய்விடாதா?

உங்கள் அச்சம் நியாயமானது. பெயரை வெறுமனே அழித்துவிட்டு அனுப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குழுவுக்குப் பதிலாக, அந்த நோயாளியைப் பார்க்கும் மருத்துவருக்கு மட்டும் அனுப்புவதே முதல் மாற்றம். பெயர், தொலைபேசி எண், நோய் மூன்றும் தெரியும் படத்தை அனுப்பாமல், "ஓபி 3127, பெண், வயது 54. பொட்டாசியம் 6.4. இப்போதே அழைக்கிறேன்" என்று எழுதுங்கள். ஓபி எண்ணில் ஓர் இலக்கம் புரண்டாலும் பாலினமும் வயதும் பெரும்பாலும் பொருந்தாமல் நின்று தவறைக் காட்டிக்கொடுக்கும். அழைக்கும்போது மருத்துவர் எண்ணையும் அளவையும் திருப்பிச் சொல்லவேண்டும். அவ்வளவு உயர்ந்த பொட்டாசியத்தை, யாராவது பார்த்திருப்பார்கள் என்று குழுவை நம்பி விட்டுவிடக் கூடாது.

பெயர் எழுதாவிட்டால் ஆளைத் தெரியாது என்றும் நினைத்துவிடாதீர்கள். "மேலப்பாளையத்தில் பீடி சுற்றுகிற அம்மா, மகன் துபாயில்" என்று எழுதினால் அந்தத் தெருவே ஆளைக் கண்டுபிடித்துவிடும். படம் அனுப்பியே தீரவேண்டுமென்றால், வந்த படங்கள் கைபேசியின் படத்தொகுப்பில் தானாகச் சேராதபடி அமைப்பை மாற்றிவையுங்கள். ஒரு மருத்துவரின் குழந்தைகள் விளையாடும் கைபேசியில் எக்ஸ்ரே படங்கள் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். இரவுப் பணியில் ஒரே ஆள் இருக்கும் ஆய்வகத்தில் இந்த முறை முழுவதும் நடக்குமா என்பதில் எனக்கே ஐயம் உண்டு. உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லிடைக்குறிச்சி: பேத்தி கல்யாணத்துக்கு மண்டபத்தில் ஆதார் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா ஐயா?

அலுவலகச் செய்திகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றாலும், பதில் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆதார் ஆணையத்தின் தளத்தில் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும்படியான மறைப்பு ஆதாரைப் பதிவிறக்கலாம். முதலில் அது போதுமா என்று மண்டபத்தில் கேளுங்கள். வரும் கோப்பைத் திறக்கும் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான்; அதனால் பூட்டு இருக்கிறது என்று முழு ஆதாரை அனுப்பிவிட வேண்டாம்.

அலுவலகங்களில் "புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆதார், பாஸ்புக் படங்களை இந்தக் குழுவில் போடவும்" என்று எழுதுகிறவர்கள், "மறைப்பு ஆதாரையும் பாஸ்புக் நகலையும் வெள்ளிக்கிழமைக்குள் கணக்குப் பிரிவில் நேரில் கொடுக்கவும், இந்தக் குழுவில் பதிவிட வேண்டாம்" என்று மாற்றிக்கொள்ளலாம். கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டால் எப்படியும் நான்கு பேர் குழுவிலேயே போட்டுவிடுவார்கள்.

ஜவுளிக்கடைக் காசாளர், அம்பாசமுத்திரம்: அண்ணாச்சியே வாட்ஸ்அப்பில் வங்கிக் கடவுச்சொல்லைக் கேட்கிறார். முதலாளியிடம் எப்படி மாட்டேன் என்பது?

மாட்டேன் என்ற சொல்லே வரவேண்டாம். "அண்ணாச்சி, எழுத்தில் அனுப்பினால் நம் கடைக்குத்தான் ஆபத்து. இந்த நிமிடமே போனில் கூப்பிடுகிறேன்" என்று எழுதிவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் நீங்களே அழையுங்கள். செய்தி அவருடைய எண்ணிலிருந்து வந்தாலும் எழுதியது அவர்தானா என்பது குரலைக் கேட்டால்தான் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் காசாளர் இப்படி அழைத்தபோது அண்ணாச்சி திருச்செந்தூரில் கடலாடிக்கொண்டிருந்தார். கைபேசி பேரன் கையில் இருந்தது. ஒருவேளை மோசடிக்காரரிடம் விவரத்தைக் கொடுத்துப் பணமும் போய்விட்டால், வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் அழைத்துவிட்டுத்தான் முதலாளியிடம் திட்டு வாங்கவேண்டும்.

அழைத்த பிறகும், அவரேதான் என்று உறுதியான பிறகும், "எனக்குப் போனில் சொன்னால் மறந்துபோகும், எழுதியே அனுப்பு" என்று அவர் பிடிவாதம் பிடித்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். இப்படிப் பிடிவாதம் பிடித்த மூன்று முதலாளிகளுக்கும் கடவுச்சொல் பெட்டகத்தில் ஓர் இடம் அமைத்துக் கொடுத்து, கைரேகை வைத்தால் திறக்கும்படி அவரவர் கைபேசியிலேயே செய்து காட்டினேன். மூவரில் இருவர் பழகிக்கொண்டார்கள். மூன்றாமவர் இன்னமும் கடவுச்சொல்லைக் கல்லாப்பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டார்.