பிரிந்து வந்த பங்கின் வாங்கிய விலை பூஜ்யமா?

கேள்வி: என்னிடம் ஜோகன்னஸ்பர்க் பங்குச் சந்தையான ஜே.எஸ்.இ.யில் ஒரு கம்பெனியின் 1,256 பங்குகள் உள்ளன, சராசரியாக 50 ராண்டுக்கு வாங்கியவை. அது ஒரு தொழிலைத் தனிக் கம்பெனியாகப் பிரித்து, 10 பங்குக்கு 1 புதுப் பங்கு தருகிறது. புதன்கிழமை விலை 100-லிருந்து 92-க்கு விழுந்துவிட்டது. புதுப் பங்கு கணக்கிலேயே வரவில்லை. திங்களன்று வந்தபோது வாங்கிய விலை 0 என்று காட்டியது. நஷ்டமா? விற்றால் முழுவதற்கும் வரியா?
- வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: விலை விழவில்லை, பிரிந்திருக்கிறது. புதுப் பங்கு உரிமையோடு வாங்கக் கடைசி நாள் செவ்வாய். புதனிலிருந்து பழைய பங்கு அந்த உரிமை இல்லாமல் கைமாறும். பதிவு நாள் வெள்ளி, கணக்கில் வரவு திங்கள். இடைப்பட்ட நாட்களில் திரையைப் பார்த்தவருக்கு வயிறு கலங்கத்தான் செய்யும். புதுப் பங்கு 80 ராண்டுக்குப் போனால், பழைய பத்து 920, புதியது ஒன்று 80. கூட்டினால் அதே 1,000.

உங்களுக்கு 125 முழுப் பங்கு வந்திருக்கும். மீதி 0.6-க்குப் பணம்தான்: சராசரி வர்த்தக விலையில் 10 சதவீதம் கழித்துத் தருவார்கள். சராசரியும் 80 என்றால், 72 வீதம் 43.20 ராண்டு.

அந்தப் பூஜ்யத்தை மட்டும் நம்பாதீர்கள். வருமான வரிச் சட்டத்தின் 46-ஆம் பிரிவின் கீழ் நடக்கும் பிரிப்பில், பழைய அடக்க விலையை இரண்டு பங்குகளுக்கும் சந்தை மதிப்பு விகிதத்தில் பங்கிட வேண்டும். மதிப்பை எடுப்பது விநியோகத்துக்கு மறுநாள் சந்தை முடிவில். அன்றும் 92-ம் 80-ம்தான் என்று வைப்போம்: 1,000-இல் 80, அதாவது 8 சதவீதம் புதியதற்கு. பத்துப் பழைய பங்குக்கு நீங்கள் போட்டது 500 ராண்டு. அதில் 40 புதுப் பங்கின் அடக்கம். மீதி 460 பழைய பத்துக்கு, ஒன்றுக்கு 46. 125-ஐயும் 80-க்கு விற்றால் கையில் 10,000, லாபம் 5,000 மட்டுமே. பங்கு விற்ற லாப நஷ்டத்தை வரித்துறைக்குத் தெரிவிக்கும் புரோக்கரின் ஐ.டி.3(சி) சான்றிதழில் பூஜ்யமே இருந்தால் லாபம் 10,000 என்று போகும். விகிதத்தைக் கம்பெனியே அறிவிக்கும். அதைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். வாங்கிய தேதியும் பழையதே தொடரும். மூன்று வருடம் வைத்திருந்த பங்கின் லாபத்தை மூலதன லாபமாகவே எடுப்பார்கள் என்பதால் இது முக்கியம்.

ஒரு எச்சரிக்கை: தாய்க் கம்பெனி வெளிநாட்டில் பதிவானதென்றால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. சுற்றறிக்கையில் தென்னாப்பிரிக்க வரி பற்றிய பகுதியைப் பாருங்கள்.

விற்பதா? கேட்காமல் வந்த பங்கைப் பலர் முதல் வாரத்திலேயே தள்ளிவிடுவார்கள், விலையும் அமுங்கும். ஆங்கிலோ அமெரிக்கனும் 2021 ஜூனில் இதே 10-க்கு 1 கணக்கில்தான் தன் நிலக்கரித் தொழிலைத் துங்கேலா என்ற கம்பெனியாகப் பிரித்தது. ஆரம்பத்தில் 25 ராண்டுக்குக் கீழே கிடந்தது, உக்ரைன் போரால் நிலக்கரி விலை எகிறிய 2022-இல் 300-ஐத் தாண்டியது. எல்லாப் பிரிப்பும் அப்படி ஆகாது. பழைய கடனில் எவ்வளவைப் புதுக் கம்பெனி தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். நானாக இருந்தால் அதைப் படித்த பிறகுதான் விற்பேன்.