சதுப்பு நிலத்தில் குப்பை கொட்டுவதை நிறுத்தச் சொல்லி எழுதும் மனு

கேள்வி: எங்கள் பகுதிச் சதுப்பு நிலத்தில் நகராட்சி லாரிகளே குப்பை கொட்டுகின்றன. குடியிருப்போர் எல்லோரும் சேர்ந்து மனு கொடுக்கப் போகிறோம். சதுப்பு நிலத்தால் என்னென்ன பயன் என்பதை எப்படி எழுதினால் அதிகாரிகள் கவனிப்பார்கள்?

உங்கள் மனுவின் முதல் பக்கம் இந்நேரம் தயாராகியிருக்கும் என்று நினைக்கிறேன். பறவைகள், பல்லுயிர், வருங்காலச் சந்ததி என்று அதில் எழுதியிருப்பீர்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பக்கம் எந்த ஊர்ச் சதுப்புக்கும் பொருந்தும். படிக்கிற பொறியாளருக்குத் தன் வார்டில் எது கெடுகிறது என்பது அதிலிருந்து தெரியாது. ‘உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது’ என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடிவிடலாம். எங்களுக்கு முன்னால் எங்கள் தெருவிலிருந்து போன மனுவுக்கு அந்த ஒரு வரிதான் பதிலாக வந்தது.

நான் இருப்பது சென்னைக்குத் தெற்கே ஒரு புறநகர். ஊர் பெயரைச் சொல்லவில்லை, அலுவலகத்தில் இன்னும் எங்கள் வேலை பாக்கி இருக்கிறது. ஏரியின் கலங்கல் வழிந்தால் தண்ணீர் வந்து நிற்கிற தாழ்வான இடம் அது. சம்பும் கோரையும் வளர்ந்து, மாசி வரைக்கும் ஈரம் காயாமல் கிடக்கும். அதன் ஒரு ஓரத்தில் குப்பை லாரிகள் கொட்ட ஆரம்பித்தன. கட்டட இடிபாடும் சேர்ந்து மூன்று ஏக்கர் போலப் பரவிவிட்டது.

இரண்டாவது மனுவை எழுதியது நான். வெள்ளத்தை முதலில் வைத்தேன். எங்கள் சங்கத்தில் பறவை பார்க்கிற தம்பி ஒருவருக்கு அதில் வருத்தம். நீலத் தாழைக்கோழி, இலைக்கோழி, முக்குளிப்பான் என்று அழகாகப் பட்டியல் போட்டு வைத்திருந்தார். அதைப் படத்தோடு இணைப்பில் சேர்த்தோம். முதல் பத்தியில் வந்தது தண்ணீர்க் கணக்கு மட்டும்.

அந்தக் கணக்கை நீங்களும் போடலாம். ஒரு ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். அதில் ஒரு மீட்டர் உயரத்துக்கு மண்ணோ குப்பையோ நிரப்பினால், 40 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்க வேண்டிய இடம் போய்விடும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், குவியலின் முழு உயரத்தையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. எங்கள் மேடு மூன்று மீட்டருக்கு மேல் இருந்தது. ஆனால் வெள்ளம் ஏறுகிற மட்டத்துக்கு மேலே உள்ள குப்பை தண்ணீரின் இடத்தைப் பிடிப்பதில்லை. இதைப் பொறியாளர் ஒரு பார்வையில் கண்டுபிடிப்பார், பிறகு மற்ற பத்திகளையும் நம்ப மாட்டார். பக்கத்தில் உள்ள சிறுபாலத்தின் சுவரில் பெருமழையின் கறை இருக்கும். அந்த மட்டத்துக்கும் பழைய தரைக்கும் நடுவே உள்ள உயரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது ஒன்றரை மீட்டர் வந்தது. பரப்பை கூகுள் எர்த்தில் கோடு போட்டு அளந்தோம். மூன்று ஏக்கரை ஒன்றரை மீட்டரால் பெருக்கினால் சுமார் 18,200 கன மீட்டர், அதாவது 1 கோடியே 82 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் கணக்கிட்டால் 1,500 லாரிக்குச் சற்று அதிகம்.

மனுவில் அந்தப் பத்தி இப்படிப் போனது: “மேற்படி நிலத்தில் கொட்டப்பட்டுள்ள கழிவால், வெள்ள மட்டத்துக்குக் கீழே சுமார் 1.8 கோடி லிட்டர் கொள்ளளவு குறைந்துள்ளது. ஏரி வழியும் நாட்களில் இந்த நீர் எங்கள் நான்கு தெருக்களை நோக்கித் திரும்புகிறது. சிறுபாலத்தின் நீர்க்கறைப் படமும் பரப்பளவு வரைபடமும் இணைக்கப்பட்டுள்ளன.”

குப்பையும் தண்ணீரை உறிஞ்சும், அதைக் கழிக்க வேண்டாமா என்று யாராவது கேட்பீர்கள். நகராட்சி அலுவலகத்திலும் கேட்டார்கள். இளகிய குப்பைக்குள் கொஞ்சம் தண்ணீர் போகும் என்பது சரி. இடிபாடு சேர்ந்து இறுகிப்போன மேட்டில் அது மிகவும் குறைவு. அதனால்தான் ‘சுமார்’ என்று எழுதினோம். எங்கள் கணக்கு தவறென்றால் நில அளவரை அனுப்பி அளந்து சொல்லுங்கள் என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்தோம். அந்த வரிதான் ஆளை வரவழைத்தது.

அடுத்தது நிலத்தடி நீர். இதில் நிறையப் பேர் வேகமாக எழுதிவிடுகிறார்கள். ‘சதுப்பு நிலம் நிலத்தடி நீரை ஊற வைக்கிறது’ என்று எழுதினால், அடியில் களிமண், தண்ணீர் கீழே இறங்காது என்று பதில் வரும். பல சதுப்புகளுக்கு அது பொருந்தும். களிமண்தான் தண்ணீரை மேலேயே பிடித்து வைக்கிறது. ஊறுவது பெரும்பாலும் மணல் கலந்த கரை ஓரங்களில். அதனால் நாங்கள் குப்பைச் சாற்றைப் பற்றி எழுதினோம். மழை குப்பைக்குள் இறங்கிக் கறுப்பாக வடிகிற அந்த நீர் கரையோரம் வந்து, எங்கள் ஆழ்துளைக் கிணறுகள் இருக்கிற பக்கம் போகிறது. குவியலை ஒட்டிய கிணற்றிலும் தள்ளியுள்ள கிணற்றிலும் ஒரே நாளில் மாதிரி எடுத்துச் சோதனைக்குக் கொடுத்தோம். கரைந்த உப்பு, குளோரைடு, அம்மோனியா மூன்றையும் கேட்டு வாங்குங்கள். கடல் பக்கத்து ஊரில் உப்பும் குளோரைடும் கூடுதலாக இருந்தால் மட்டும் எதுவும் நிரூபணம் ஆகாது, கடல் நீர் என்று சொல்லிவிடலாம். அவற்றோடு அம்மோனியாவும் ஏறியிருந்தால் குப்பைச் சாற்றைச் சந்தேகிக்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் அம்மோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் வரைதான் ஏற்கப்படும். ஆனால் செப்டிக் டேங்க் கசிந்தாலும் அம்மோனியா ஏறும். ஆகவே ‘குப்பைதான் காரணம்’ என்று நாங்கள் எழுதவில்லை. ‘இரு கிணறுகளுக்கும் வேறுபாடு உள்ளது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கொண்டு ஆய்வு செய்ய வேண்டும்’ என்று எழுதினோம். கோழைத்தனம் என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உடைக்க முடியாத வரியைத்தான் மனுவில் வைக்க வேண்டும்.

கொசுவை விட்டுவிடாதீர்கள். ‘சதுப்பை மூடினால் கொசு ஒழியும்’ என்று நகராட்சிப் பக்கத்திலிருந்து ஒருவராவது சொல்வார். மீனும் தும்பியும் உள்ள நீரில் புழுக்கள் இரையாகிவிடும். டெங்கு பரப்பும் கொசு முட்டையிடுவது குப்பையில் கிடக்கும் டயரிலும் தேங்காய் ஓட்டிலும் பிளாஸ்டிக் கப்பிலும் தேங்கும் நல்ல மழைநீரில். இதை இரண்டு வரியில் சுகாதார ஆய்வாளருக்கே எழுதுங்கள்.

இனி நிலத்தின் பெயர். நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். eservices.tn.gov.in தளத்தில் புல எண் கொடுத்து, அது என்ன வகை நிலம் என்று காட்டும் அ-பதிவேட்டைப் பாருங்கள். மத்திய அரசின் 2017 ஈரநில விதிகள் திடக்கழிவு கொட்டுவதைத் தடை செய்கின்றன. ஆனால் பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலைகள் அந்த விதிகளின் ஈரநில வரையறைக்குள் வருவதில்லை. நம் ஏரிகளில் பெரும்பாலானவை அப்படி வெட்டியவை. பதிவேட்டில் ‘ஏரி’ என்று இருக்கும்போது அந்த விதியை மட்டும் நம்பி எழுதினால் ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். அங்கே 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம்தான் பொருந்தும். எங்களுக்கு ஒரு புல எண் ஏரி, பக்கத்துப் புல எண் கழுவெளிப் புறம்போக்கு, அதாவது சதுப்பாகக் கிடக்கும் அரசு நிலம். இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி எழுதினோம். இரண்டுக்கும் சேர்த்து 2016 திடக்கழிவு விதிகளைக் காட்டினோம். ஈரநிலத்தில் குப்பை நிரப்பிடம் கூடாது, குளத்திலிருந்து 200 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. நீங்கள் எழுதும் நாளில் எந்த ஆண்டு விதி நடப்பில் இருக்கிறதோ அதைப் பார்த்து எண் போடுங்கள்.

பள்ளிக்கரணையையும் ஒரு வரி குறிப்பிட்டோம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த அந்தச் சதுப்புக்குள்ளேயேதான் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு வளர்ந்தது. கொட்டிய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றப் பெரும் செலவாகிறது. எங்கள் மூன்று ஏக்கரை இப்போதே நிறுத்தினால் அந்தச் செலவு நகராட்சிக்கு மிச்சம் என்று எழுதினோம்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்று நினைப்பவர்கள் தாண்டிப் போகலாம். கையெழுத்துப் பக்கத்தில் பெண்கள் எல்லோரும் தங்கள் பெயரையும் கதவு எண்ணையும் எழுதியிருந்தோம். வாங்கியவர் ‘கணவர் பெயர் இல்லையே’ என்று திருப்பித் தந்தார். வீட்டு வரி என் பெயரில், தண்ணீர் வரி என் பெயரில். லாரித் தண்ணீருக்குப் பணம் கொடுப்பது, கிணற்று மாதிரி எடுத்தது, மனுவை எழுதியது எல்லாம் நான். ஆனாலும் சங்கத் தலைவர் கொண்டுபோய்க் கொடுத்ததால் பதில் கடிதம் அவர் பெயருக்குத்தான் வந்தது. கூட்டத்தில் என்னை ‘டைப் பண்ணிக் கொடுத்த மேடம்’ என்று அறிமுகம் செய்தார்கள். அது இன்னும் எனக்கு ஆறவில்லை. உங்கள் தெருவில் எழுதுகிறவர் பெயரை முதல் கையெழுத்தாகப் போடுங்கள்.

கோரிக்கையை ‘தக்க நடவடிக்கை எடுக்கவும்’ என்று முடிக்காதீர்கள். லாரி வருவதை இன்றோடு நிறுத்துவது, நுழைவழியில் அகழி வெட்டுவது, இதுவரை கொட்டியதை அகற்றும் தேதியை எழுத்தில் தருவது என்று மூன்றைத்தான் கேட்டோம். ஆணையருக்கு மனு, நகல் மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கும் நீர்வளத் துறைக்கும் மாநில ஈரநில ஆணையத்துக்கும். தபால் பிரிவில் உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்காமல் வராதீர்கள்.

வந்த பதில், ‘அது குப்பைக் கிடங்கு அல்ல, தற்காலிகச் சேகரிப்பு இடம்’ என்பது. உங்களுக்கும் இதுவே வரலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, அந்த இடத்துக்கு உள்ளே வந்த லாரிகளின் பதிவேடும் வெளியே போனவற்றின் பதிவேடும் கேட்டோம். தற்காலிகம் என்றால் வெளியே போயிருக்க வேண்டும். வெளியே போனதற்குப் பதிவேடே இல்லை என்று எழுத்தில் பதில் கிடைத்தது. அதற்குப் பிறகு அகழி வெட்டினார்கள், லாரி நின்றது. பழைய மேடு அப்படியே இருக்கிறது, அதற்கு இன்னும் தேதி தரவில்லை.

பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால், கொட்டத் தொடங்கியதிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. தக்க காரணம் காட்டினால் கூடுதலாக 60 நாள் தரலாம். நகராட்சியின் பதிலுக்குக் காத்திருந்து அந்தக் காலத்தைக் கடத்திவிடாதீர்கள். முதல் லாரி வந்த நாளின் தேதியோடு கூடிய படம் யார் கைப்பேசியிலாவது இருக்கும், அதை இன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.