பில்லில் ஒன்று, கல்லாவில் ஒன்று

கேள்வி: விற்பனை வரியை உண்மையில் யார் சுமக்கிறார்கள், வாங்குபவரா, விற்பவரா?

பில்லில் வரி தனியாகப் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, முழுசையும் நம் தலையில் கட்டுகிறார்களே என்ற கடுப்பில் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. நான் கோயம்புத்தூரில் கிரைண்டர் கடை வைத்திருப்பவன். 2022 ஜூலை 18 அன்று வெட் கிரைண்டருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதம் ஆனது. ஏறின வரியை விலையில் ஏற்றிவிட்டால் நமக்கென்ன என்றுதான் அன்றைக்கு நானும் இருந்தேன்.

4,000 ரூபாய் டேபிள் டாப் ஒன்று, வரியோடு 4,200-க்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் 4,720 என்று ஸ்டிக்கர் ஒட்டினேன். ஒரு அம்மா வந்தார், மூடியைத் திறந்தார், கல்லைக் கையால் சுற்றிப் பார்த்தார், விலையைக் கேட்டார். "இதுக்கு மாவு பாக்கெட்டே வாங்கிக்கிறேன் தம்பி" என்று போய்விட்டார். அவர் ஒருத்தர் மட்டுமில்லை. மூன்று வாரம் ஈயோட்டியபின், தயாரிப்பாளரிடம் பேசி அவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, நான் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, அடிப்படை விலையை 3,800 ஆக்கினோம். 18 சதவீதம் சேர்த்தால் 4,484. அரசுக்குப் போகும் வரி 200-லிருந்து 684 ஆனது, அதாவது 484 கூடுதல். அதில் வாங்குபவர் சுமந்தது 284, நாங்கள் சுமந்தது 200. ஆனால் பில்லைப் பார்த்தால் 684-ம் வாடிக்கையாளர் கட்டியது போலத்தான் தெரியும்!

இப்போது வரியே இல்லாத ஒரு சந்தையை வைத்துக்கொள்வோம். விலை 4,000, மாதம் 100 கிரைண்டர் விற்கிறது. விலை 100 ரூபாய் ஏறினால் 10 பேர் வாங்காமல் போகிறார்கள். தயாரிப்பவர் கைக்கு வருவது 100 ரூபாய் குறைந்தால் அவர் 5 கிரைண்டர்தான் குறைப்பார். பட்டறையும் ஆளும் இருக்கும்போது சட்டென்று நிறுத்திவிட முடியாது. இதில் அரசு ஒரு கிரைண்டருக்கு 600 ரூபாய் வரி போடுகிறது. விலை 4,200 ஆனால் வாங்குபவர்கள் 80 ஆகிறார்கள். 4,200-ல் 600 போக விற்பவர் கைக்கு 3,600, அதாவது 400 குறைவு, அதனால் அவரும் 80-தான் செய்வார். இரண்டு பக்கமும் 80-ல் பொருந்துவதால் விலை அங்கேயே நிற்கும். 600-ல் வாங்குபவர் பங்கு 200, விற்பவர் பங்கு 400.

வரியை யார் கொண்டுபோய்க் கட்டுகிறார் என்பதில் எதுவும் மாறாது. வாங்கினவரே நேராகப் போய் 600 கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தால், கடைக்கு 3,600-க்கு மேல் தர மாட்டார். அதே 4,200 கணக்குதான். நகர்ந்துபோக வழி இல்லாதவர் தலையில்தான் அதிகம் விழும். கிரைண்டர் வாங்குகிறவருக்கு மாவு பாக்கெட் இருக்கிறது, மிக்ஸி இருக்கிறது, அடுத்த பொங்கலுக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் முடியும். உப்புக்கு வரி போட்டால் யாரும் உப்பில்லாமல் சமைக்கப் போவதில்லை, அங்கே கிட்டத்தட்ட முழுசும் வாங்குபவருக்குத்தான்.

பொருளாதாரம் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், இந்த 10-ம் 5-ம் கணக்குக்காக நானே வைத்த எண்கள். "உனக்குத்தான் உள்ளீட்டு வரி திரும்பக் கிடைக்கிறதே" என்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அது வரிக்கு மேல் வரி விழாமல் இருப்பதற்கு. மோட்டாருக்குக் கட்டினதைக் கழித்துக்கொள்கிறோம், சரி, ஆனால் 4,000-க்கு விற்றதை 3,800-க்கு விற்றேனே, அந்த 200-ஐ எந்தப் படிவத்தில் கழிப்பது?

 

ஒன்று விட்டுவிட்டேன். நான் சொன்ன பங்கு அப்படியே நிற்காது. எனக்குச் சரக்குக் கொடுத்தவர்களில் ஒருவர் ஒன்றரை வருஷம் பார்த்துவிட்டு, பட்டறையைப் பம்பு உதிரிபாக வேலைக்கு மாற்றிவிட்டார். அவருக்கும் நகர வழி கிடைத்துவிட்டது. மிச்சம் இருந்தவர்கள் அந்தக் குறைந்த விலைக்குத் தர மாட்டேன் என்றார்கள். நானும் ஸ்டிக்கரை மாற்றினேன், இந்தத் தடவை மேலே.