டிஸ்போசருக்குப் பழைய வேஸ்ட் பைப் போதுமா?

கேள்வி: மூன்றாம் மாடி ஃபிளாட். சிங்க்குக்குக் கீழே வேஸ்ட் டிஸ்போசர் வைக்கிறோம். இப்போதுள்ள மடிப்பு வேஸ்ட் பைப்பையே மாட்டிவிடலாம் என்கிறார் பிளம்பர். அது தரை ஜாலிக்குள் போகிறது. பிற்பாடு அடைத்துக்கொள்ளாதா?

அடைத்துக்கொள்ளும். டிஸ்போசர் மிச்சத்தைக் கரைப்பதில்லை, பொடியாக்கித் தண்ணீரோடு தள்ளுகிறது, அவ்வளவுதான். அந்தப் பொடி பைப்பின் மடிப்புகளில் தங்கும், மேலே எண்ணெய் படியும். தப்பிப் போவது ஜாலிக்கு அடியில் தண்ணீர் நிற்கும் தரை ட்ராப்பில் மண்டும். அப்புறம் சிங்க்கைத் திறந்துவிடும்போதெல்லாம் ஜாலி வழியாகத் தண்ணீர் மேலே வரும்.

உள்பக்கம் வழவழப்பான பிவிசி பைப்தான் வேண்டும். டிஸ்போசரின் வெளிவாய் பெரும்பாலும் ஒன்றரை அங்குலம். அங்கிருந்து வளைவில் தண்ணீர் நின்று நாற்றத்தைத் தடுக்கும் ஒரு பி-ட்ராப், அதற்குப் பிறகு 50 மி.மீ. பைப், மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு. பாட்டில் ட்ராப் வேண்டாம், அதன் அடியில் கசடு தேங்கும். பி-ட்ராப் வைத்த பின் தரை ட்ராப்பிலும் விட்டால் இரண்டு ட்ராப்பிலும் நிற்கும் தண்ணீருக்கு நடுவே காற்று மாட்டிக்கொண்டு ஓட்டம் மந்தமாகும். அதனால் தரை ட்ராப்பைத் தவிர்த்து, அதைத் தாண்டிய லைனிலோ வெளிச்சுவரில் இறங்கும் சமையலறைக் கழிவுக் குழாயிலோ 45 டிகிரி ஒய் இணைப்பு வைத்துச் சேருங்கள். வெளிக்குழாய் எல்லா வீட்டுக்கும் பொது என்பதால் சங்கத்திடம் முன்பே சொல்லிவிடுங்கள். பக்கத்தில் இறங்கும் மழைநீர்க் குழாயில் சேர்த்துவிடும் ஆட்களும் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது உயரத்தில். மேடை 85 செ.மீ., சிங்க்கின் ஆழம் 20 செ.மீ. என்றால் சிங்க்கின் அடி 65 செ.மீ. உயரத்தில் இருக்கும். டிஸ்போசரின் வெளிவாய் அதற்கும் சுமார் 15 செ.மீ. கீழே, அதாவது 50-இல் வரும். (உங்கள் மாடலின் அளவை அதற்கான அளவுப் படத்தில் பாருங்கள்.) சுவரில் பைப் நுழையும் இடம் 55-இல் இருந்தால் தண்ணீர் இயந்திரத்துக்குள்ளேயே நிற்கும், நாறும். சுவரை உடைத்து 40-க்கு இறக்குவதைத் தவிர வழியில்லை. இயந்திரம் வாங்கும் முன்பே டேப்பை வைத்து அளந்துவிடுங்கள். சிங்க்கின் துளை மூன்றரை அங்குலம்தானா என்பதையும் அப்போதே பார்க்கலாம்.

புழங்கும்போது முதலில் குழாய், பிறகு சுவிட்ச். அரைத்து முடிந்து சத்தம் மாறியதும் சுவிட்சை அணைத்துவிட்டு, குளிர்ந்த தண்ணீரை இன்னும் 20, 30 நொடி ஓடவிடுங்கள். தூரத்துப் பைப் அடைக்காமல் இருப்பதே இந்தத் தண்ணீரால்தான். வாழைத்தண்டு, முருங்கைச் சக்கை, தேங்காய் நார், வெங்காயத் தோல் எதுவும் உள்ளே போகக் கூடாது. மிஞ்சிய சோற்றை மொத்தமாகக் கொட்டினால் பசையாகிவிடும். எண்ணெய் கூடவே கூடாது.

பிளம்பர் கிளம்பும் முன் சிங்க்கை அடைத்து நிரப்பி, டிஸ்போசரை ஓடவிட்டபடி ஒரே மூச்சில் திறந்துவிடச் சொல்லுங்கள். காய்ந்த பேப்பரால் இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள். தரை ஜாலியில் தண்ணீர் ஏறினால் பழைய லைனில் ஏற்கெனவே அடைப்பு இருக்கிறது, அதைச் சுத்தம் செய்யும்வரை டிஸ்போசரைப் புழங்காதீர்கள்.